திட்டத்தை இயக்கக் குழுவிடம் ஒப்படைக்கும் ஆவணம்: எழுதும் முறை

கட்டமைப்பு வரைபடம், சர்வர் பட்டியல், பதிப்பு எண்கள் ஆகியவற்றுக்கு பெரும்பாலான நிறுவனங்களில் படிவம் இருக்கும் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. மென்பொருளைக் கட்டியவர்கள் அருகில் இல்லாத நேரத்தில் பணியிலிருப்பவர் எந்தப் பக்கத்தைத் திறப்பாரோ, அந்தப் பக்கத்தை எழுதும் முறையையும் அதையொட்டிய பயிற்சி, ஆதரவு ஏற்பாடுகளையுமே எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டாக, இரவு 2 மணிக்கு ஓடி, அன்றைய பில்களைத் தயாரித்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு பணியை வைத்துக்கொள்வோம். அது லினக்ஸ் சர்வரில் systemd வழியாக ஓடுகிறது.

படி 1: எங்கே எழுதுவது

நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே மார்க்டவுன் கோப்பாக எழுதுவதையே நான் விரும்புகிறேன். வேர்டு கோப்பில் எழுதினால் நேரான மேற்கோள் குறிகள் தாமாகவே வளைந்த குறிகளாகவும், இரட்டைச் சிறுகோடு ஒற்றை நீள்கோடாகவும் மாறிவிடும். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டப்படும் கட்டளை, பார்வைக்குச் சரியாக இருந்தும் வேலை செய்யாது.

படி 2: எச்சரிக்கைக்கு ஒரு பக்கம்

கண்காணிப்புக் கருவி அனுப்பும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும், அதே பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஒரு பக்கம் இருக்க வேண்டும். "பில் பணி முடியவில்லை" என்ற எச்சரிக்கைக்கான பக்கம் இப்படித் தொடங்கலாம்:

```
systemctl status bill-batch.service
journalctl -u bill-batch.service --since "02:00"
df -h /var
df -i /var
```

கட்டளைகளோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வந்தால் என்ன பொருள் என்பதையும் எழுத வேண்டும். இத்தகைய பணி, ஒருமுறை ஓடி முடிந்துவிடும் oneshot வகையாக அமைக்கப்பட்டிருந்தால், வெற்றிகரமாக முடிந்த பின்னரும் முதல் கட்டளை பெரும்பாலும் `inactive (dead)` என்றே காட்டும். புதியவர் அதைக் கண்டு பணி செத்துவிட்டதாக எண்ணுவார். `status=0/SUCCESS` என்ற பகுதியைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும். அதேபோல, பதிவில் `No space left on device` என்று இருந்தும் `df -h` காலியிடம் காட்டினால், சிறு கோப்புகள் பெருகி, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடுகள் தீர்ந்திருக்கக்கூடும். நான்காவது கட்டளை அதற்காகவே.

அடுத்து வருவதைத்தான் பெரும்பாலான ஆவணங்கள் விட்டுவிடுகின்றன: பணியை மறுபடியும் ஓட்டலாமா? 1,000 பில்களில் 400 அனுப்பப்பட்ட நிலையில் பணி நின்றிருந்து, நிரல் முதலிலிருந்தே தொடங்குவதாக எழுதப்பட்டிருந்தால், மறுபடி ஓட்டியதும் அந்த 400 பேருக்கும் ஒரே பில் இரண்டு முறை போய்ச் சேரும். ஆகவே, "தேவைப்பட்டால் மீண்டும் இயக்கவும்" என்று பொதுவாக எழுதாமல், முதலில் சோதிக்க வேண்டியதை எழுதுங்கள்:

```
SELECT count(*) FROM bills
WHERE run_date = CURRENT_DATE
  AND sent_at IS NOT NULL;
```

விடை 0 என்றால், பழுதுக்கான காரணத்தை நீக்கியபின் மறுபடி ஓட்டலாம். வேறு எண் வந்தால் ஓட்டக்கூடாது. ஆதரவு எண்ணை அழைக்க வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களும் அதே பக்கத்திலேயே, கட்டளைக்கு நேர்கீழே இருக்க வேண்டும்.

படி 3: பயிற்சி

நீண்ட விளக்கக் காட்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோதனைச் சூழலில் வேண்டுமென்றே பணியை நிறுத்திவையுங்கள். இயக்கக் குழுவைச் சேர்ந்தவர் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்யட்டும். திட்டக் குழுவினர் வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து, அவர் தயங்கும் இடங்களையும் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொண்டு, அன்றே ஆவணத்தைத் திருத்த வேண்டும். பகல் பணியாளர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்துவிட்டு நிறுத்தாதீர்கள். இந்த எச்சரிக்கையை முதலில் பார்ப்பவர் இரவுப் பணியாளர்.

படி 4: ஆதரவுக் காலம்

"நான்கு வாரம் ஆதரவு" என்று நாட்காட்டியை மட்டும் நம்பி எழுதினால், மாத இறுதிக் கணக்கு முடிப்பு போன்ற கனமான பணி அந்தக் காலத்துக்குள் வராமலேயே போகலாம். 3-ஆம் தேதி தொடங்கும் நான்கு வாரம், 30-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. 31 நாள் உள்ள மாதத்தில் இறுதி இரவு வெளியே நிற்கிறது. எனவே முடிவை நிபந்தனையாக எழுதுங்கள்:

> மாத இறுதிப் பணியை இயக்கக் குழு தானே ஒருமுறை நடத்தி முடித்து, தீராத பெரிய பழுது எதுவும் இல்லாத நாளில் ஆதரவுக் காலம் முடியும். அதுவரை, பில் பணி நின்றால் திட்டக் குழு 30 நிமிடத்துக்குள் பதிலளிக்கும். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த வேலை நாளில் பதில் தரப்படும்.

தொலைபேசியில் சொல்லும் பதில்களும் ஆவணத்தில் ஏறினால்தான் அந்தக் கேள்வியைத் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை: ஆதரவு முடிந்த நாளில் திட்டக் குழுவினரின் சர்வர் அனுமதிகளை நீக்கியதும் பணி நின்றுவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பணி ஒரு நிரலாளரின் சொந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் இப்படி நேரும். எந்தப் பணி எந்தக் கணக்கில் ஓடுகிறது என்ற பட்டியலை ஆவணத்தில் சேர்த்து, தனிநபர் கணக்குகளைச் சேவைக் கணக்குகளாக மாற்றிவிடுங்கள். அனுமதி நீக்கத்தையும் ஆதரவுக் காலத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாமல், அதற்கு ஒரு வாரம் முன்னரே செய்துவிடுங்கள்.