சேவைக் கட்டணமா, நிரந்தரச் சம்பளமா: கொழும்பில் வேலையை மணிக்கணக்கில் எடை போடுவது

காலி முகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் விற்பனை வேலை. இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்தால் எதை எடுப்பது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு, உங்களுடையதை இட்டுக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள் வேலை, இரண்டு இடத்திலும் சாப்பாடு உண்டு என்று வையுங்கள்.

முதலில் சேவைக் கட்டணம். பில்லில் சேரும் 10 சதவீதத்தைப் பல ஹோட்டல்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்று வைத்துப் பிரிக்கின்றன. மே மாதம் 36 இலட்சம் சேர்ந்து, மொத்தம் 240 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளிக்கு 15,000 ரூபாய். டிசம்பரில் அது இரட்டிப்பாகலாம். நேர்முகத்தில் சொல்லப்படுவது டிசம்பர் தொகையாக இருக்கலாம்! "சேர், கடந்த மே மாதம் ஒரு புள்ளிக்கு எவ்வளவு, தகுதிகாண் காலத்தில் எனக்கு எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள். அரைப் புள்ளி என்றால் கைக்கு வருவது 7,500.

அடுத்து கழிவுகள். ஹோட்டலின் அடிப்படைச் சம்பளம் 35,000. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், அதாவது 2,800. தங்குமிடத்துக்கு 5,000 பிடிக்கிறார்கள். சேவைக் கட்டணம் 7,500 சேர்த்தால் மிஞ்சுவது 34,700. கடையில் சம்பளம் 42,000. சேமலாப நிதிக்கு 3,360, வாடகை அறைக்கு 10,000 போக 28,640. டிப்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அது பொதுப் பெட்டிக்குப் போகிறதா, அட்டையில் கொடுத்த டிப்ஸ் ஊழியருக்கு வருகிறதா என்று கேட்டுவையுங்கள்.

இப்போது ஷிப்ட். கடை காலை பத்து முதல் மாலை ஏழு: மாதம் 234 மணி, மணிக்கு ஏறத்தாழ 122 ரூபாய். ஹோட்டலில் இடைவெளி ஷிப்ட்: பகல் பதினொன்று முதல் மூன்று, மறுபடி இரவு ஏழு முதல் பதினொன்று. வேலை எட்டு மணிதான். ஆனால் தங்குமிடம் தெஹிவளைக்கு அப்பால் என்றால் நடுவிலுள்ள நான்கு மணி நேரம் உடைமாற்றும் அறை வாங்கில்தான் கழியும். அப்போது 312 மணி, மணிக்கு 111 ரூபாய். பயண நேரம் தனி. கடை வென்றுவிட்டது. தங்குமிடம் நடைதூரத்தில் இருந்தால் அந்த நேரம் உங்களுடையது: 208 மணி, மணிக்கு 167 ரூபாய்.

ஆகவே கையொப்பமிடுமுன் அறையைப் போய்ப் பாருங்கள், அதுவும் இரவு ஷிப்ட் முடியும் வேளையில். காலி வீதியில் அந்நேரம் பஸ் குறைவு. ஹோட்டல் வான் வருமா என்பது அங்கே நிற்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஓர் அறையில் எத்தனை பேர், பகலில் உறங்க முடியுமா, பூட்டும் அலுமாரி உண்டா என்றும் பாருங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.