கழித்தல் குறியை அழிக்காதீர்கள்: பனிக்கட்டிக் கலவைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். வெப்பக் கலவைக் கணக்குகளைத் தொடங்கும் ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரத்திலேயே சில கொப்பிகளில் ஒரே காட்சியைக் காண்கிறேன்: கணக்கின் கடைசி வரியில் கழித்தல் குறி ஒன்று எழுதப்பட்டு, பின்னர் அழிறப்பரால் தேய்க்கப்பட்டிருக்கும். மாணவனாக இருந்தபோது நானும் அப்படியே அழித்தேன். கிராமைக் கிலோகிராமுக்கு மாற்ற மறப்பது போன்ற பிழைகளைப் பிள்ளைகள் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முடிவை ஊகித்துவிட்டுச் சமன்பாடு எழுதுதல்

வெப்பக் காவலிட்ட பாத்திரம் ஒன்றில் −10 பாகை செல்சியஸில் 100 கிராம் பனிக்கட்டி இருக்கிறது. 150 பாகையில் உள்ள 200 கிராம் இரும்புத் துண்டு அதனுள் இடப்படுகிறது. பாத்திரம் ஏற்கும் வெப்பம் புறக்கணிக்கத்தக்கது. இறுதி வெப்பநிலை என்ன? தன்வெப்பக் கொள்ளளவுகளைக் கிலோகிராமுக்கும் பாகைக்குமான யூல் அளவில் பனிக்கட்டிக்கு 2100, நீருக்கு 4200, இரும்புக்கு 460 என்றும், பனிக்கட்டி உருகலின் தன்மறைவெப்பத்தைக் கிலோகிராமுக்கு 336 000 யூல் என்றும் கொள்வோம்.

பழக்கத்தில் கை முதலில் எழுதுவது ஒரே சமன்பாடு: இரும்பு இழந்த வெப்பம், பனிக்கட்டி 0 பாகைக்கு வரவும் முழுவதும் உருகவும் உருகிய நீர் T பாகைக்குச் சூடாகவும் பெற்ற வெப்பத்துக்குச் சமன்.

```
0.2 × 460 × (150 − T) = 2100 + 33600 + 420T
T = −21900 / 512 = −42.8
```

இங்கே அட்சரகணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று யாரும் சொல்லாதபோதே மாணவர் அதை எழுதிவிட்டதுதான் பிழை. நான் அன்று அந்தக் கழித்தல் குறியை அழித்து 42.8 என்று எழுதிக் கொடுத்தபோது, அழித்த தடத்தை உற்றுப் பார்த்த என் ஆசிரியர், "தம்பி, பத்துப் பாகை குறைஞ்ச ஐசுக்குள்ள சுட்ட இரும்பைப் போட்டால், அதைவிடக் குளிரான தண்ணி எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பனிக்கட்டி உருகாமல், ஓரளவு உருகி, முழுவதும் உருகி என மூன்று இறுதி நிலைகள் உள்ள ஒரு கணக்குக்கு ஒரு நிலையை மட்டும் மனத்தில் வைத்துச் சமன்பாடு எழுதியிருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் வியாபாரியின் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த விடுபட்ட நிலை தெரியும். மேலே பனிக்கட்டித் துண்டுகள் கிடக்கும், அடியில் நீர் தேங்கி நிற்கும், இரண்டும் 0 பாகையில் இருக்கும். காலையில் இட்ட மீன் தன் வெப்பத்தைக் கொடுத்து முடித்துவிட்டது, ஆனால் பனிக்கட்டி முழுவதையும் உருக்க அது போதவில்லை. நம்முடைய கணக்கின் இறுதி நிலையும் இதுவே.

ஆகவே T என்ற எழுத்தைத் தொடுவதற்கு முன்னர் வரவையும் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். எல்லாப் பொருள்களையும் 0 பாகைக்கும், நீராக உள்ளதும் நீராக மாறக்கூடியதும் யாவற்றையும் 0 பாகை நீர் என்ற நிலைக்கும் கொண்டுவருவதாகக் கற்பனை செய்யுங்கள். இரும்பு 0 பாகைக்கு இறங்கும்போது 13 800 யூல் தரும். பனிக்கட்டி 0 பாகைக்கு ஏறுவதற்கு 2100 யூலும், உருகுவதற்கு 33 600 யூலும், ஆக 35 700 யூல் வேண்டும். பற்றாக்குறை 21 900 யூல். மேலே அழிக்கப்பட்ட கழித்தல் குறிக்கு அருகில் நின்ற எண்ணும் இதுவே. அதை 512 ஆல் வகுத்தது பொருளற்றது. உருகலின் தன்மறைவெப்பமாகிய 336 000 ஆல் வகுத்தால் 0.0652 கிலோகிராம் கிடைக்கும். உருகாமல் எஞ்சிய பனிக்கட்டி 65.2 கிராம், உருகியது 34.8 கிராம், இறுதி வெப்பநிலை 0 பாகை. அன்று அழிறப்பரால் நான் தேய்த்தெடுத்தது இந்த விடையைத்தான். இன்று வரை ஒரு கொப்பியில் அந்தத் தடத்தைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இது: விடை கையில் கிடைத்த பின் அதைப் பிழையென்று எண்ணி எறிந்துவிடுகிறார்கள்.

குறை எண் வந்தாலே விடை 0 பாகை என்று மனனம் செய்வதும் ஆபத்து. இரும்பு 200 கிராமுக்குப் பதிலாக 20 கிராமாகவும் 100 பாகையிலும் இருந்தால் அது தரும் 920 யூல், பனிக்கட்டியை 0 பாகைக்குக் கொண்டுவரத் தேவையான 2100 யூலுக்கும் போதாது. எதுவும் உருகாது. 1180 யூல் குறைவதை, பனிக்கட்டியினதும் இரும்பினதும் வெப்பக் கொள்ளளவுகளின் கூட்டுத்தொகையான 219.2 ஆல் வகுத்தால், இறுதி வெப்பநிலை −5.4 பாகை. இங்கே கழித்தல் குறி வெப்பநிலைக்கே உரியது. பற்றாக்குறை 33 600 யூலை மிஞ்சுகிறதா என்று பார்த்தால் இந்த இரண்டு நிலைகளும் பிரிந்து தெரியும்: முதற் கணக்கில் அது 21 900, இதில் 34 780.

கொதிநீராவி ஒடுங்கியதும் அதை மறந்துவிடுதல்

அதே பனிக்கட்டிக்குள் 100 பாகையில் உள்ள 20 கிராம் கொதிநீராவியைச் செலுத்துவோம். ஆவியாதலின் தன்மறைவெப்பம் கிலோகிராமுக்கு 2 260 000 யூல் எனக் கொண்டால், ஒடுங்கும்போது மட்டும் 45 200 யூல் வெளிவரும். பல மாணவர்கள் இத்துடன் நிறுத்தி, 35 700 ஐக் கழித்து, மீதி 9500 யூலை 100 கிராம் நீருக்குக் கொடுத்து 22.6 பாகை என்று எழுதுகிறார்கள். 0 க்கும் 100 க்கும் இடையில் வரும் விடை என்பதால் சந்தேகம் எழுவதில்லை, அதனால் இந்தப் பிழை பரீட்சை மண்டபத்திலும் பிடிபடாமல் போகிறது.

ஒடுங்கிய 20 கிராமும் அந்தக் கணத்தில் 100 பாகையில் உள்ள நீர். அதுவும் குளிர்ந்து வெப்பம் தர வேண்டும், இறுதியில் சூடாக இருக்கும் நீரின் திணிவிலும் சேர வேண்டும். 0 பாகைக்கு இறக்கும் முறையில் இது தானாகவே வந்து சேரும். ஒடுங்கல் 45 200, ஒடுங்கிய நீர் 0 பாகைக்கு இறங்கல் 8400, ஆக வரவு 53 600. செலவு 35 700 போக மீதி 17 900 யூல். மொத்த நீர் 120 கிராமின் வெப்பக் கொள்ளளவு 504. எனவே இறுதி வெப்பநிலை 35.5 பாகை. ஒரு படியை விட்டதனால் நேர்ந்த வித்தியாசம் ஏறக்குறைய 13 பாகை.

இரும்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது மறைவெப்பத்தின் அளவை மனத்தில் பதிக்கும். 150 பாகையில் இருந்த 200 கிராம் இரும்பு 34.8 கிராம் பனிக்கட்டியை உருக்கியது. அதே பனிக்கட்டிக்குள் வெறும் 10 கிராம் கொதிநீராவி சென்றால் அது தரும் மொத்தம் 26 800 யூல், உருகுவது 73.5 கிராம். இறுதி நிலை மீண்டும் 0 பாகையே, 26.5 கிராம் பனிக்கட்டி எஞ்சியிருக்கும்.

100 பாகை என்று எழுதி நிறுத்திவிடுதல்

கொதிநீராவி 50 கிராமாக இருந்தால் ஒற்றைச் சமன்பாடு 156 பாகை என்று தரும். நீர் வளிமண்டல அழுக்கத்தில் அப்படி இருக்க முடியாது என்று அறிந்த மாணவர் விடையை 100 பாகை எனத் திருத்துவார். வெப்பநிலை சரி. ஆனால் அடுத்த பகுதி வினா பாத்திரத்தில் உள்ள நீரின் திணிவைக் கேட்கும், அதற்கு அவர் 150 கிராம் என்று எழுதுவார்.

0 பாகைக்கு இறக்கினால் வரவு 134 000, செலவு 35 700, மீதி 98 300 யூல். 150 கிராம் நீர் முழுவதையும் 100 பாகைக்கு உயர்த்த 63 000 யூல் போதும். மிஞ்சும் 35 300 யூல் 15.6 கிராம் நீராவியை ஒடுங்க விடாமல் வைத்திருக்கும். ஒடுங்கியது 34.4 கிராம், ஆகவே நீர் 134.4 கிராம். பனிக்கட்டிப் பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம்: −10 பாகையிலிருந்து 100 பாகை நீராக மாற அதற்கு வேண்டியது 77 700 யூல், அதை 2 260 000 ஆல் வகுத்தாலும் 34.4 கிராமே வரும்.

கெல்வினுக்கு மாற்றுதல்

வெப்பநிலை வித்தியாசத்துக்குத் தேவையில்லை.

செய்முறையில் ஈரத்தையும் சேர்த்து எடைபோடுதல்

ஆய்வுகூடத்தில் பனிக்கட்டி குளிரூட்டியிலிருந்து நேராக வந்தால் அது 0 பாகைக்குக் கீழே இருக்கும், கணக்கில் 2100 போன்ற ஒரு படி வேண்டும். மீன் பெட்டியில் உள்ளதைப் போல நனைந்து கிடந்த பனிக்கட்டி 0 பாகையில் இருக்கும், அந்தப் படி வேண்டாம், ஆனால் அதன் மேற்பரப்பில் ஒட்டிய நீரும் தராசில் ஏறும். 100 கிராமில் 5 கிராம் ஏற்கனவே நீராக இருந்தால், அதற்கான 1680 யூல் மறைவெப்பம் செலவாகாது, 20 கிராம் கொதிநீராவிப் பரிசோதனையில் இறுதி வெப்பநிலை 3 பாகைக்கு மேல் கூடிவிடும். ஒற்றுத்தாளால் துடைத்து உடனே இடுங்கள்.

கொதிநீராவிப் பக்கத்தில் பிழை எதிர்த்திசையில் வரும், அளவிலும் பெரிது. குழாயில் குளிர்ந்து துளியாகிய நீர் ஆவியோடு சேர்ந்து விழுமானால், அது ஒடுங்கல் வெப்பத்தை வழியிலேயே இழந்துவிட்டது. 20 கிராமில் 2 கிராம் அப்படி வந்தால் 4520 யூல் குறையும், 35.5 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 26.5 பாகையே கிடைக்கும். கொதிகலத்துக்கும் கலோரிமானிக்கும் இடையில் துளிகளைப் பிடிக்கும் குடுவை வைப்பது இதற்காகவே. அந்தக் குடுவை இல்லாமல் எடுத்த வாசிப்புகளைக் கொண்டு நாங்கள் ஒரு மாலை முழுவதும் கணித்தோம், ஆவியாதலின் தன்மறைவெப்பம் ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது.

பாத்திரத்தை விட்டுவிடுதல்

100 கிராம் செப்புக் கலோரிமானி கிலோகிராமுக்கு 400 என்ற தன்வெப்பக் கொள்ளளவுடன், நம் ஊர் வகுப்பறையின் 30 பாகையில் இருந்து 0 பாகைக்கு இறங்கும்போது 1200 யூல் தரும். அது 3.6 கிராம் பனிக்கட்டியை உருக்கும். வினாவில் பாத்திரத்தின் திணிவு தரப்பட்டிருந்தால் அதன் தொடக்க வெப்பநிலையையும் தேடிப் பாருங்கள்; பனிக்கட்டியோடு சேர்ந்து ஏற்கனவே குளிர்ந்திருந்தால் அது வெப்பம் தராது, பின்னர் சூடாகும்போது வெப்பத்தைப் பெறும்.

செந்நிறமாகக் காய்ந்த இரும்பு

கொல்லர் பட்டறையில் சிவந்த இரும்பு நீரில் இறங்கும்போது கேட்கும் சீறல், ஆவி வெளியேறுவதன் ஓசை. மேலே எழுதிய கணக்கு, அந்த ஆவி பாத்திரத்தை விட்டு வெளியேறாமல் உள்ளேயே மீண்டும் ஒடுங்கினால் மட்டுமே பொருந்தும். இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவும் அந்த வெப்பநிலையில் 460 ஆக நிலைத்திருப்பதில்லை, அது கூடிவிடும்.