பூஜை அலமாரியில் விளக்கை இடம் மாற்றிய கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பூஜை அலமாரி ஒரு அடி ஆழம்தான். போன வரலட்சுமி நோன்புக்கு எம்.சி. ரோட்டில் வாங்கிய ஜரிகை பாலியஸ்டர் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, இரண்டு குத்துவிளக்கையும் கலசத்தின் பக்கத்திலேயே வைத்தேன். அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. துணியின் ஓரம் சுருங்கி, உருகி முடிச்சாக நின்றது. மேல்தட்டின் அடியில் கை வைத்தால் சுட்டது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

இந்த முறை விளக்குகளை அலமாரியிலிருந்து இறக்கி, இரண்டு பக்கமும் தரையில் மனைப்பலகை மேல் வைத்தேன். சுடருக்கு மேலே எதுவும் இல்லை. துணி இரண்டு அடி தள்ளி இருக்கிறது. பாலியஸ்டருக்குப் பதில் அம்மாவின் பழைய அரக்கு நிறக் காட்டன் புடவை. பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. அதை ஸ்பிரிங் கம்பியில் கோர்த்து, அடிப்பக்கத்தை அலமாரித் தட்டுக்குப் பின்னால் செருகினேன். காற்றில் ஆடக்கூடாது என்பதுதான் முக்கியம்.

விளக்கு இறங்கியதும் அம்மன் முகத்தில் நிழல் விழுந்தது. கலசத்தை விளிம்புக்கு நாலு விரல் உள்ளே வரை முன்னால் நகர்த்தி, சின்ன விக்கிரகங்களைப் பின்னால் குட்டிப் பலகை மேல் உயர்த்தினேன். முகம் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் பூ. மல்லிச்சரத்தை விளக்கின் தண்டில், அகலுக்கு ஒரு சாண் கீழே இறுக்கிச் சுற்றி, நூல் நுனியை வெட்டிவிட்டேன். சாமந்தி பாதத்தில் மட்டும்.