பட்ஜெட் தாளை லட்சத்தில் காட்டி, படுக்கைவசத்தில் ஒரே பக்க அகலத்தில் பிரிண்ட் எடுப்பது எப்படி?

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் ஆண்டு பட்ஜெட் எக்செலில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதம், ஆண்டு மொத்தம், போன வருடச் செலவு என்று 14 எண் நெடுவரிசைகள், இடப்பக்கம் செலவினத்தின் பெயர். திரையில் பார்க்க ஒன்றும் தொந்தரவில்லை. பொதுக்குழுவில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும், முன்வரிசையில் இருப்பவரே கண்ணாடியைத் தேடுவார். அதைச் சரிசெய்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எக்செல் திறக்கவும் SUM போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அலகு

எழுத்தின் அளவிலோ மார்ஜினிலோ கை வைப்பதற்கு முன்னால், எண்களை எந்த அலகில் காட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். தாளில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதே அதைப் பொறுத்ததுதான். 10,08,000 என்ற எண் பிடிக்கிற அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் 10.08 பிடிக்கும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தாளில் கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய சின்னத் தொகை எது? மாதவாரித் தாளில் தூய்மைப் பணிக்கு 46,500 என்று இருக்கிறது. அது லட்சத்தில் 0.47 ஆகிவிடும், யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆயிரத்தில் 46.5 என்று வந்தால் நிற்கும். ஆகவே மாதவாரித் தாள் ஆயிரத்தில், ஆண்டுச் சுருக்கத் தாள் லட்சத்தில். ஒரே தாளுக்குள் இரண்டையும் கலக்கவே கூடாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணையும், ஓர் அலகை எடுத்தால் நிதி அறிக்கை முழுக்க அதையே சீராகப் பயன்படுத்தச் சொல்கிறது. நம் சங்கம் கம்பெனி இல்லைதான், ஆனாலும் நல்ல பழக்கம்.

ஃபார்மட் எழுதுவது

ஒவ்வொரு செல்லையும் 100000-ஆல் வகுத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பிடிக்காது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் புது வரிசை சேர்த்து, அதில் முழு ரூபாயை அடித்துவிட்டுப் போவார், மொத்தம் எங்கோ போய் நிற்கும். செல்லுக்குள் எப்போதும் முழு ரூபாய் இருக்கட்டும். தோற்றத்தை மட்டும் மாற்றுவோம்.

எண்கள் உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்கள். Number தாவலில் கடைசியாக Custom இருக்கும். அதில் Type என்ற பெட்டியில் அடிக்க வேண்டும். ஆயிரத்துக்கு இது:

```
#,##0.0,
```

கடைசியில் நிற்கும் காற்புள்ளிதான் வேலை செய்கிறது. இலக்கக் குறிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வந்தால் எக்செல் 1000-ஆல் வகுத்துக் காட்டும், இரண்டு வந்தால் பத்து லட்சத்தால். 46500 என்று அடித்த செல் 46.5 என்று தெரியும். மேலே ஃபார்முலா பட்டையில் 46500 அப்படியே இருக்கும்.

லட்சத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். காற்புள்ளி மூன்று மூன்று பூஜ்ஜியமாகத்தான் குறைக்கும், லட்சத்துக்கோ ஐந்து பூஜ்ஜியம். எக்செலில் லட்சத்துக்கென்று தனிக் குறி கிடையாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு:

```
0\.00,
```

1000-ஆல் வகுத்த எண்ணில், கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளியை வெறும் எழுத்தாகச் செருகுகிறோம். பின்சாய்வுக் கோடு போட்டால் எக்செல் அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளாது. காவலர் சம்பளம் ஆண்டுக்கு 10,08,000. ஆயிரத்தால் வகுத்தால் 1008. நடுவில் புள்ளி விழுந்தால் 10.08. நூறு ஆயிரம் சேர்ந்தால் ஒரு லட்சம் என்பதால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. பின்சாய்வுக் கோட்டை விட்டுவிட்டு `0.00,` என்று அடித்தால் 1008.00 என்று வரும். அப்படி நூறு மடங்கு பெரிதாகத் தெரிந்தால் அந்தக் கோடு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நான் நிஜமாகப் பயன்படுத்துவது இதன் நீண்ட வடிவம்:

```
0\.00,_);(0\.00,);"–"_)
```

அரைப்புள்ளிகள் மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன. முதலாவது நேர் எண், இரண்டாவது பற்றாக்குறை, மூன்றாவது பூஜ்ஜியம். பற்றாக்குறை அடைப்புக்குறிக்குள் வரும், பூஜ்ஜியம் சின்னக் கோடாகும். `_)` என்பது அடைப்புக்குறி அளவுக்கு இடம் விடச் சொல்வது. அது இல்லாவிட்டால் அடைப்புக்குறி உள்ள எண்ணும் இல்லாத எண்ணும் நேர்கோட்டில் நிற்காது.

ரூபாய் குறியை ஒவ்வொரு செல்லிலும் போடுவது எனக்கு உடன்பாடில்லை, இடம்தான் வீண். தலைப்பு வரிசைக்கு மேலே வலது ஓரத்தில் "ரூ. லட்சத்தில்" என்று ஒரே ஒரு தடவை எழுதுங்கள். அது பிரிண்ட் ஆகிற பகுதிக்குள் இருக்க வேண்டும், எழுத மறக்கவும் கூடாது. ஏனென்றால் 26.91 என்பது லட்சமா கோடியா என்று தாளில் வேறெதுவும் சொல்லாது.

மொத்தம் ஓர் இலக்கம் உதைக்கிறது

சுருக்கத் தாளில் ஐந்து வரிகள் இப்படி வருகின்றன என்று வையுங்கள்:

```
காவலர்           10,08,000    10.08
தூய்மைப் பணி      5,58,000     5.58
பொது மின்சாரம்    6,13,400     6.13
தண்ணீர் லாரி      3,27,400     3.27
லிஃப்ட் பராமரிப்பு   1,84,300     1.84
மொத்தம்          26,91,100    26.91
```

வலப்பக்கத்தைக் கையால் கூட்டிப் பாருங்கள், 26.90 வரும். கூட்டத்தில் கால்குலேட்டர் வைத்திருக்கும் ஒருவர் கண்டிப்பாக எழுந்து கேட்பார். எக்செல் தவறவில்லை. மின்சாரத்தில் 400, தண்ணீரில் 400, லிஃப்டில் 300 என்று கண்ணுக்குத் தெரியாமல் நின்றவை சேர்ந்து மொத்தத்தில் ஓர் இலக்கத்தை ஏற்றிவிட்டன.

இதற்கு எக்செலில் Set precision as displayed என்றொரு வசதி உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது காட்டாத இலக்கங்களை நிரந்தரமாக அழித்துவிடும், அதுவும் ஒரு தாளில் மட்டுமல்ல, கோப்பு முழுவதிலும். மொத்தத்தைக் கையால் 26.90 என்று திருத்துவதும் வேண்டாம். தாளின் அடியில் "முழுமையாக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு இருக்கலாம்" என்று ஒரு வரி போதும்.

முழு ரூபாய்தான் வேண்டும் என்றால்

சில தாள்களில் முழுத் தொகையையே காட்டியாக வேண்டியிருக்கும். அப்போது 2,691,100 என்று வராமல் 26,91,100 என்று வர, கணினியிலேயே மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. Control Panel-இல் Region, பிறகு Additional settings, அதில் Digit grouping என்ற இடத்தில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்செலை மூடித் திறந்தால் போதும். சாதாரண `#,##0` ஃபார்மட்டே லட்சக் காற்புள்ளி போடும். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வழி இது:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இது கோப்போடு கூடவே போகும், அது நல்ல விஷயம். ஆனால் எக்செல் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம் கொடுக்கும் என்பதால் எதிர்ம எண்கள் எல்லாம் மூன்றாம் பகுதியில் போய் விழுகின்றன. பழைய அமைப்பே உள்ள கணினியில் இரண்டரை லட்சம் பற்றாக்குறை -250,000 என்று பழையபடி நிற்கும்.

இப்போது தாள்

Page Layout தாவலில் Orientation என்பதை Landscape ஆக்குங்கள், Size என்பதில் A4. மார்ஜின் Narrow. ஏ4 தாளைப் படுக்கைவசத்தில் வைத்தால் அகலம் 29.7 செ.மீ. இரு பக்கமும் 0.64 போனால் 28.4 மிச்சம். செலவினத்தின் பெயருக்கு 6 செ.மீ., மற்ற 14 நெடுவரிசைக்குத் தலா 1.5 செ.மீ. என்றால் 27 ஆகிறது, தாராளமாக அடங்கும். View தாவலில் Page Layout பார்வைக்குப் போனால் நெடுவரிசை அகலத்தைச் சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ நேரடியாகக் கொடுக்கலாம். சாதாரணப் பார்வையில் அது எழுத்து எண்ணிக்கையில் கேட்கும், நமக்கு உதவாது. தமிழ்ப் பெயர்கள் நீளமாக இருந்தால் அந்த நெடுவரிசைக்கு மட்டும் Wrap Text போடுங்கள். ஏதாவது செல்லில் #### வந்தால் அகலம் போதவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் Scale to Fit பகுதியில் Width என்பதை 1 page, Height என்பதை Automatic என்று வையுங்கள். இந்த இடத்தில்தான் பலர் பிரிண்ட் பக்கத்தில் இருக்கும் Fit Sheet on One Page-ஐ அழுத்திவிடுகிறார்கள். 70 வரிசை உள்ள தாளை அது ஒரே பக்கத்துக்குள் நசுக்கும். 10 புள்ளி எழுத்து 60 சதவீதமானால் 6 புள்ளி, மருந்து அட்டையின் பின்பக்கம் மாதிரி. அகலத்தை ஒன்றுக்குள் அடக்கி, நீளம் இரண்டு மூன்று பக்கம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இரண்டாம் பக்கத்திலும் மாதப் பெயர்கள் வர வேண்டுமே. Page Layout தாவலில் Print Titles. Rows to repeat at top என்ற பெட்டியில் அலகு எழுதிய வரிசையையும் சேர்த்தே கொடுங்கள்:

```
$3:$4
```

பிரிண்ட் முன்னோட்டத்திலிருந்து Page Setup திறந்தால் இந்தப் பெட்டி மங்கலாகி, எதையும் அடிக்க விடாது. எக்செல் கெட்டுப்போகவில்லை. முன்னோட்டத்தை விட்டு வெளியே வந்து Page Layout தாவல் வழியாகத் திறந்தால் வேலை செய்யும். பக்க எண்ணுக்கு Header/Footer-இல் `&P / &N` போதும்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், புதிதாக அடித்த செல் மட்டும் 0.00 என்றே நிற்கிறது என்று கேட்டிருந்தார். மற்ற செல்கள் லட்சத்தில் தெரிவதைப் பார்த்து அவரும் 0.84 என்று அடித்திருக்கிறார். செல்லுக்குள் 84 பைசா போய் உட்கார்ந்திருக்கிறது. 84000 என்றே அடிக்க வேண்டும். உண்மையான பூஜ்ஜியம் கோடாகத் தெரியும்படி வைத்திருப்பதால், 0.00 என்று எங்கே கண்டாலும் உள்ளே சில நூறு ரூபாயோ இப்படிப்பட்ட தப்போ இருக்கிறது என்று சட்டெனத் தெரிந்துவிடும். "12.5 லட்சம்" என்று எழுத்தோடு சேர்த்து அடித்தால் இன்னும் மோசம். அது வெறும் எழுத்தாகிவிடும், SUM அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். இடப்பக்கம் ஒட்டி நிற்கிற எண் எதையாவது பார்த்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு: முழு ரூபாய்க்கு அங்கே நிபந்தனை எதுவும் வேண்டாம், `#,##,##0` என்று அடித்தாலே லட்சக் காற்புள்ளி விழும். அகலத்தை அடக்க Format மெனுவில் Page Style, அதில் Sheet தாவல், Scaling mode என்பதை Fit print range(s) to width/height என்று மாற்றி, அகலத்துக்கு 1 கொடுத்து உயரத்தைக் காலியாக விடுங்கள்.