படுக்கையிலேயே தலைக்குக் குளிப்பாட்டும்போது தண்ணீர் தவறும் இடங்கள்

இடுப்பு எலும்பு அறுவை முடிந்து பத்து நாளாகப் படுத்திருக்கும் அம்மா, இடுப்பளவு கூந்தல், தலை பிசுபிசுக்கிறது. இப்படி ஒருவருக்குத் தலையை அலசும்போது பெரும்பாலான வீடுகளில் ஷாம்பு சரியாகத்தான் இருக்கும். தண்ணீர் எங்கே போகும் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

முதல் தவறு, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவது. தண்ணீர் நேராக வாளியில் விழும்தான், ஆனால் பின்னால் மடங்கிய கழுத்து வலிக்கும், வயதானவர்களுக்குத் தலைசுற்றும். தலை மெத்தையிலேயே இருக்கட்டும். இரண்டு பேர் கீழிருக்கும் பெட்ஷீட்டைப் பிடித்து, உடம்பு வளையாமல், தலை மெத்தையின் ஓரத்துக்கு வரும்படி நகர்த்துங்கள். இடுப்பு அறுவைக்காகக் கால்களுக்கு நடுவே வைத்த தலையணை நழுவக் கூடாது. கழுத்திலோ முதுகெலும்பிலோ அறுவை நடந்திருந்தால், தலையில் தையல் இருந்தால், கண்புரை எடுத்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அடுத்தது, ரப்பர் ஷீட்டைத் தட்டையாக விரிப்பது. விளிம்பு இல்லாத ஷீட்டில் தண்ணீர் பள்ளமான பக்கம் ஓடும், அது பெரும்பாலும் முதுகுப் பக்கம். பெரிய துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி லாடம் மாதிரி வளையுங்கள். வளைவு பிடரிக்குக் கீழே, திறந்த வாய் கட்டிலின் ஓரத்தைப் பார்த்து. அதன்மேல் ஷீட்டைப் போட்டு உள்ளே அமுக்கினால் வாய்க்கால் கிடைக்கும். ஷீட்டின் நுனி தரையில் இருக்கும் வாளிக்குள் ஒரு சாணாவது இறங்கியிருக்க வேண்டும். தலைக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுத்துவிட்டு மெல்லிய மடிப்புத் துணியைத் தோளுக்கு அடியில் வைத்தால் தலை சற்றுத் தாழும். மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்குபவர்களுக்கு இந்த முறை ஆகாது.

ஊற்றும் முன் ஒரு குவளை தண்ணீரை வெறும் வாய்க்காலில் விட்டுப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

சீயக்காய் இந்த இடத்துக்குச் சரிப்படாது. படுத்தவர் கண்ணில் தூள் இறங்கும், மண்டையில் தங்கும் துகளை அலசி எடுக்கத் தண்ணீர் காணாது. ஒரு தேக்கரண்டி ஷாம்புவை அரைக் குவளை தண்ணீரில் கரைத்து விரல் நுனியால் தேய்த்தால் போதும். எண்ணெய் தேய்த்து ஊறவைத்துவிட்டுத் தொடங்கினால் இரண்டு முறை ஷாம்பு, இரண்டு மடங்கு தண்ணீர். சிக்கை உலர்ந்த முடியிலேயே, நுனியிலிருந்து மேல்நோக்கி எடுத்துவிடுங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையில் பாருங்கள். நீளக் கூந்தலுக்கு ஏழெட்டு லிட்டர் ஆகும். நெற்றியில் உள்ளங்கையை அணைபோல வைத்து, முடி தொடங்கும் கோட்டிலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்கள்.

கடைசித் தவறு முடிக்கும்போது வரும். ஷீட்டை அவசரமாக உருவினால் மடிப்பில் தேங்கியது மெத்தையில் கொட்டும். தலையைத் தூக்கித் துண்டில் சுற்றிய பிறகு, ஷீட்டின் ஓரங்களை உள்நோக்கி மடித்து வாளிக்குள்ளேயே இறக்குங்கள். துவட்டும்போது பின்மண்டையைப் பாருங்கள்: அமுக்கினாலும் மறையாத சிவப்பு இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம், செவிலியரிடம் காட்ட வேண்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் ஹேர் டிரையரை எடுக்கவே கூடாது.