இமை ஓரத்து மஞ்சள் திட்டு: லேசருக்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்

பெரம்பூரில் இருக்கும் என் சித்திக்கு வயது 46. மகன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை என் பக்கம் நீட்டினார். "ஏம்மா, நீ தோல் டாக்டர்தானே, இதை லேசர்ல எடுத்துவிட்டுடேன். போட்டோல எல்லாம் கண்ணு ஓரமா சந்தனம் ஒட்டின மாதிரி விழுது." இரண்டு மேல் இமையிலும் மூக்கை ஒட்டிய மூலையில், வெளிர் மஞ்சள் நிறத்தில், தட்டையாக, தொட்டால் மெத்தென்று ஒரு திட்டு. வலி இல்லை, அரிப்பு இல்லை. மூன்று வருடமாக இருக்கிறதாம், பவுடர் போட்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதற்குச் சாந்தலாஸ்மா என்று பெயர். என் கிளினிக்கில் இதோடு வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள், சித்தியும் அதில் பாதியைச் செய்திருந்தார், அதனால் அவர் கதையை வைத்தே சொல்கிறேன் (அவரிடம் கேட்டுவிட்டேன், தாராளமாக எழுது என்றார்).

முதலில் இது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்கள் இமையின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து தோலுக்குள் வருகின்றன. அங்கே குப்பை அள்ளுகிற வேலை பார்க்கும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, விழுங்கி, செரிக்க முடியாமல் நுரை நிரம்பியதுபோல உப்பிப்போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கூட்டம்தான் மஞ்சளாகத் தெரிகிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையுடையது என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் அடைப்பு உருவாகும்போதும் இதே நுரை அணுக்கள்தான் சேர்கின்றன. அதற்காக இமையில் திட்டு இருந்தால் இதயத்தில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம் ஆகிவிடாது. ஆனால் இது தோலுக்கு மேலே படிந்த அழுக்கு அல்ல, எண்ணெய்க் கட்டியும் அல்ல, தேய்த்தால் போகவே போகாது.

சித்தி தேய்த்திருந்தார். ஒரு மாதம் பூண்டை நசுக்கித் தடவியிருக்கிறார், இடது இமை சிவந்து தோல் உரிந்ததும் பயந்து நிறுத்தியிருக்கிறார். பச்சைப் பூண்டு மெல்லிய தோலை நிஜமாகவே புண்ணாக்கும். இதைவிட எனக்குப் பயம் தருவது சுண்ணாம்பு. மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அதே கையோடு இமைக்கும் வைக்கிறார்கள். சுண்ணாம்பு காரம். கண்ணுக்குள் ஒரு துளி இறங்கினால் அமிலத்தைவிட ஆழமாகக் கருவிழியை அரித்துக்கொண்டு போகும், பார்வையே போகலாம். தெரியாமல் பட்டுவிட்டால் வேறு எதையும் யோசிக்காமல், இமையைப் பிரித்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் துணுக்குகள் வெளியேறும்படி குறைந்தது 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்துக் கடையில் மருவுக்கு வாங்கும் அமில மருந்தும் இமைக்கு ஆகாது.

அடுத்தது லேசர் அவசரம். சித்தியிடம் முடியாது என்று நான் சொல்லவில்லை, முதலில் ரத்தம் கொடுங்கள் என்றுதான் சொன்னேன், அதற்கே முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு எதுக்கும்மா கொலஸ்ட்ரால்? நான் முட்டைகூடச் சாப்பிடறதில்லையே." இதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. அது எவ்வளவு தயாரிக்கிறது, ரத்தத்திலிருந்து எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதைப் பெரும்பாலும் மரபணுவும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. அதனால் சைவமாக இருப்பதும் ஒல்லியாக இருப்பதும் இதற்குப் பதில் ஆகாது.

இன்னொன்று, ரத்தம் கொடுக்கப்போகிறோம் என்று இரண்டு வாரம் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் இருக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு வந்தால்தான் உங்கள் வழக்கமான எண் கிடைக்கும். காய்ச்சலோ வேறு நோயோ வந்து படுத்து எழுந்த கையோடும் கொடுக்க வேண்டாம், அப்போது கொலஸ்ட்ரால் இறங்கிக் காட்டும். வெறும் வயிறு கட்டாயமா என்றால், இப்போது பெரும்பாலும் இல்லை, ஆனால் ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் எல்டிஎல் கணக்கு தப்பாகிவிடும், அப்போது 12 மணி நேரம் சாப்பிடாமல் மறுபடி கொடுக்கச் சொல்வோம்.

சித்தியின் ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 268, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 46, ட்ரைகிளிசரைடு 180. பல லேப்களில் எல்டிஎல்லைத் தனியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 36. 268-லிருந்து 46-ஐயும் 36-ஐயும் கழித்தால் 186. நிறையவே அதிகம்.

இங்கேதான் படித்தவர்களும் தவறுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கிவிடுவது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையின் அட்டையைக் காட்டிக் கடையில் வாங்குகிறவர்களும் உண்டு. எண் ஏன் ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. சித்தியிடம் வேறு சிலவற்றைக் கேட்டேன். ஒரு வருடமாக எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மத்தியானம் ஆனால் படுத்துவிடலாம் போல அசதி. மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று அவரே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தார். தைராய்டு பார்த்தோம், டிஎஸ்ஹெச் 22. சாதாரணமாக நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது, தைராய்டு சுரப்பது குறைந்தால் இந்த எண் இப்படி ஏறும். தைராய்டு குறைந்தால் கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுப்பதும் குறைந்துவிடும், எண் தானாக ஏறும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுத்திருந்தால் தசை வலி, தசைச் சேதம் வரும் வாய்ப்பும் கூடியிருக்கும். அதனால்தான் இந்தத் திட்டோடு வருபவர்களுக்கு லிப்பிட் ப்ரொஃபைலோடு தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம் இவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். இவை எதில் கோளாறு இருந்தாலும் கொழுப்பு ஏறலாம்.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்து, அளவைச் சரிசெய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். டிஎஸ்ஹெச் 3.1. மொத்தக் கொலஸ்ட்ரால் 201, ஹெச்டிஎல் 48, ட்ரைகிளிசரைடு 130. எல்டிஎல் 127. கொலஸ்ட்ராலுக்கென்று ஒரு மாத்திரைகூட இல்லாமல் கிட்டத்தட்ட 60 புள்ளி இறங்கியிருந்தது.

சரி, அப்படியானால் முடிந்துவிட்டதா? சித்தி அப்படித்தான் நினைத்தார், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தே இல்லையே என்றார். என் அனுபவத்தில் பலரை ஏமாற்றுவது இதுதான். இந்தத் திட்டு உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். ஆனால் கோபன்ஹேகனில் 1976-ல் தொடங்கி 12,745 பேரை 2009 வரை கவனித்து வந்த ஓர் ஆய்வு, 2011-ல் வெளியானது, வேறு மாதிரி சொல்கிறது. இமையில் இந்தத் திட்டு இருந்தவர்களுக்கு, கொலஸ்ட்ரால் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், மாரடைப்பு சுமார் ஒன்றரை மடங்கு அதிகமாக வந்தது. கருவிழியைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்துக்கு அப்படித் தனியான தொடர்பு தெரியவில்லை. அது டென்மார்க்கில் நடந்த ஆய்வு, அந்த எண்ணை அப்படியே நமக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் நார்மல் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்கு அது போதும்.

அதோடு, லேப் அச்சடிக்கும் எல்லை ஊருக்கெல்லாம் பொதுவானது. சர்க்கரை நோயாளிக்கு 127 நார்மல் அல்ல, அவருக்கு இலக்கு இன்னும் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அதைவிடவும் கீழே. அதனால் எண்ணோடு சேர்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடும்பம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு, அதாவது சித்தியின் அப்பாவுக்கு, 53 வயதில் மாரடைப்பு. அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்குள் வந்திருந்தால் அதை நாங்கள் கணக்கில் எடுப்போம். சித்தியைப் பொது மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, லைப்போபுரோட்டீன்-ஏ என்று பரம்பரையாக வரும் இன்னொரு அளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் குறைந்த அளவில் ஸ்டாட்டின் தொடங்கினார். அம்மாவையும் என்னையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். தைராய்டு எல்லாம் சரியாக இருந்தும் எல்டிஎல் 190-க்கு மேல் நிற்கிறது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் தடித்திருக்கிறது என்றால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். அப்போது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர்களையும் சோதித்தே ஆக வேண்டும்.

திட்டு என்ன ஆனது? அப்படியே இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று காத்திருப்பதும், கரையவில்லை என்று மாத்திரையை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. அபூர்வமாகச் சிலருக்குச் சுருங்கும், பெரும்பாலானவர்களுக்கு மாறாது. மாத்திரை ரத்தக் குழாய்க்காக.

எடுக்க வேண்டுமென்றால் எடுக்கலாம், வெட்டியோ, லேசரிலோ, ரேடியோ அலையிலோ, டாக்டர் கையால் அமிலம் தொட்டு வைத்தோ. எதில் எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும், நம் நிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகலாம், அதிகமாக வெட்டினால் இமை இழுத்துக்கொள்ளும். அதனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் செய்துகொள்ளவே கூடாது. சித்தி கல்யாணத்தைப் பவுடரோடு முடித்துவிட்டு, போன மாதம் வலது இமையில் மட்டும் எடுத்துக்கொண்டார், ஆறின தழும்பைப் பார்த்துவிட்டு இடதைப் பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. மஞ்சளாக இருப்பதெல்லாம் இது அல்ல. கெட்டியாக இருந்தால், ஒரு கண்ணில் மட்டும் வேகமாக வளர்ந்தால், புண்ணானால், ரத்தம் கசிந்தால், அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயும் மஞ்சளாக ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு, அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் திட்டு வளர்கிறதா இல்லையா என்று டாக்டரிடம் காட்ட வசதியாக இருக்கும்.