"சிவப்பில் உள்ளதை மட்டும் மாற்றவும்": ஒட்டியதும் சிவப்பு எங்கே போகிறது?

ஒரு அறிவிப்பின் வரைவு இது: "கூட்டம் மார்ச் 14 அன்று இரண்டாம் தளத்தில் நடைபெறும். மார்ச் 10க்குள் பெயர் கொடுக்கவும்." இதில் "மார்ச் 14", "இரண்டாம் தளத்தில்" இரண்டையும் சிவப்பாக்கி, "சிவப்பில் உள்ள தேதியை 21 ஆக்கவும்" என்று கீழே எழுதி, எல்லாவற்றையும் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புகிறார் ஒருவர். பெறுபவருக்குத் தெரிவது முழுவதும் ஒரே நிறம், இரண்டு தேதிகள். அவர் பெயர் கொடுக்கும் தேதியை 21 ஆக்கிவிட்டால் அது அவர் தவறல்ல.

நகலெடுக்கும்போது வேர்டு போன்ற மென்பொருள் ஒரே பகுதியைப் பல வடிவங்களில் வைத்துக்கொள்கிறது: நிறமும் எழுத்துருவும் சேர்ந்த வடிவம் ஒன்று, வெறும் எழுத்துகள் மட்டுமே உள்ள வடிவம் இன்னொன்று. எதை எடுத்துக்கொள்வது என்பதை ஒட்டும் இடம்தான் முடிவு செய்யும். வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, இணையப் படிவத்தின் சாதாரணப் பெட்டி ஆகியவை எழுத்துகளை மட்டுமே எடுக்கும். நிறம் எழுத்தின் பகுதியல்ல, அதன் மேல் போட்ட அலங்காரம். அதனால் அது போனதற்கான அடையாளம்கூட மிஞ்சாது.

மின்னஞ்சலில் இன்னொரு விதமாக ஏமாறுகிறோம். ஒட்டியதும் நம் திரையில் சிவப்பு அப்படியே இருக்கும், நம்பி அனுப்பிவிடுவோம். பெறுபவர் அஞ்சலை வெறும் எழுத்தாகப் படிக்கும்படி அமைத்திருந்தாலோ, அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வேறொரு பெட்டியில் ஒட்டினாலோ நிறம் அங்கே நின்றுவிடும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் இதே கதிதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கோ நிறம் முதலிலேயே உதவாது.

தீர்வு, அடையாளத்தை எழுத்தாகவே எழுதிவிடுவது.

```
கூட்டம் [1: மார்ச் 14] அன்று [2: இரண்டாம் தளத்தில்] நடைபெறும்.
மார்ச் 10க்குள் பெயர் கொடுக்கவும்.

மாற்ற வேண்டியவை 2:
1: "மார்ச் 21" ஆக்கவும்.
2: "முதல் தளத்தில்" ஆக்கவும்.
அடைப்புக்குறியும் எண்ணும் இறுதியில் நீக்கப்பட வேண்டும்.
```

தொடக்கமும் முடிவும் தெரிய அடைப்புக்குறி, எதைச் சொல்கிறோம் என்று தெரிய எண். "மாற்ற வேண்டியவை 2" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒட்டும்போது ஒரு பகுதி விடுபட்டிருந்தால், பெறுபவர் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க அதுதான் வழி. அடையாளத்துக்கு நட்சத்திரக் குறியைப் பயன்படுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையில் உள்ள சொல் தடித்த எழுத்தாகும், நட்சத்திரங்கள் மறைந்துவிடும். பிறகு அதுவும் நிறம்போல அலங்காரம்தான். < > குறிகளையும் தவிர்ப்பது நல்லது. சில பெட்டிகள் அவற்றை நிரல் குறி என்று நினைத்து விழுங்கிவிடும்.

நீண்ட ஆவணத்தில் ஏற்கெனவே சிவப்பிட்டிருந்தால் ஒவ்வொன்றாகக் கையால் குறிக்க வேண்டியதில்லை. கணினியில் உள்ள வேர்டில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு Ctrl+H அழுத்துங்கள். More என்பதைத் திறந்து, Find what பெட்டியைக் காலியாக விட்டு, அதற்குள் சுட்டியை வைத்தபடி Format, Font வழியே சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். Replace with பெட்டியில் இதை எழுதி Replace All கொடுங்கள்:

```
[[^&]]
```

^& என்பது "கண்டுபிடித்த அதே சொற்கள்" என்று பொருள். எனவே சிவப்பான ஒவ்வொரு பகுதியையும் சுற்றி அடைப்புக்குறி விழும், எண்களை மட்டும் பிறகு சேர்த்தால் போதும். இங்கே பலர் தடுமாறுவது சுட்டியின் இடத்தில்தான்: Replace with பெட்டியில் சுட்டி இருக்கும்போது நிறத்தைத் தேர்ந்தால் தேடலுக்கு நிறம் சேராது. Find what பெட்டிக்குக் கீழே நிறத்தின் பெயர் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். அடர் சிவப்பும் சாதாரணச் சிவப்பும் வேர்டுக்கு வேறு வேறு நிறங்கள், தனித்தனியே தேட வேண்டும். பின்னணியில் மஞ்சள் பூசியிருந்தால் Format பட்டியலில் Highlight என்பதைத் தேருங்கள். ஆனால் அந்தத் தேடல் மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்காது, பூசியதையெல்லாம் பிடிக்கும்.

நிறத்தைவிட ஆபத்தானவை இரண்டு உண்டு. நீக்கச் சொல்லிக் குறுக்குக் கோடு போட்ட வரி, கோடு போனதும் சேர்க்க வேண்டிய வரியாகவே தெரியும். மேலெழுத்தாக இட்ட அடுக்கு கீழே இறங்கினால், பத்தின் வர்க்கம் 102 ஆகிவிடும். முதலாவதற்கு "[நீக்கு: ...]" என்று எழுதுங்கள். இரண்டாவதற்கு 10^2.

அனுப்புமுன் முழுவதையும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே எந்தச் சொல்லை மாற்றச் சொல்கிறீர்கள் என்று உங்களுக்கே விரல் வைத்துக் காட்ட முடியவில்லையென்றால், அந்தக் குறிப்பை இன்னும் அனுப்ப வேண்டாம்.